ரவுட்டர் ஸ்டிக்கரில் இருக்கும் கியூஆர் கோடு
(சங்கத்தின் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

புது நெட் இணைப்பு வாங்குகிறவர்கள் நம் பிளாக்குகளில் அதிகமாகிவிட்டார்கள். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை ஸ்கேன் செய்தால் வைஃபை வந்துவிடும் என்று டெக்னீஷியன் சொல்லிவிட்டுப் போகிறார். சில வீடுகளில் வருகிறது, சில வீடுகளில் வருவதில்லை. ஏன் என்பதைப் பேசத்தான் செயலாளர் என்னை அழைத்தார்.

முதலில் அந்தக் கட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். உங்கள் ரவுட்டரின் ஸ்டிக்கரில் வைஃபை பெயர் Home-4C7A என்றும், பாஸ்வேர்டு k7Rm2xQ9 என்றும் அச்சாகியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் உள்ள கியூஆர் கோடு சொல்வது இந்த ஒரு வரியைத்தான்:

```
WIFI:T:WPA;S:Home-4C7A;P:k7Rm2xQ9;;
```

T என்பது பூட்டின் வகை, S என்பது வைஃபையின் பெயர், P என்பது பாஸ்வேர்டு. அவ்வளவுதான். மேலே எழுத்தில் இருப்பதையே போன் படிக்கிற மாதிரி இன்னொரு முறை எழுதியிருக்கிறார்கள். அதனால் போனில் டேட்டா இல்லாவிட்டாலும் இது வேலை செய்யும். தேவையானது எல்லாம் கட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

ஐபோனில் கேமராவைத் திறந்து காட்டினாலே போதும், அந்தப் பெயரில் உள்ள வைஃபையில் சேரலாமா என்று கேட்கும். ஆண்ட்ராய்டு 10 முதல் செட்டிங்ஸில் வைஃபை பட்டியலுக்குப் போனால், மேலேயோ கீழேயோ ஒரு சின்னக் கட்டக் குறி இருக்கும். அதைத் தொட்டால் ஸ்கேனர் திறக்கும். ஸ்டிக்கரில் லேசான கீறல் இருந்தால் கவலை வேண்டாம், ஓரளவு அழிந்தாலும் படிக்கும்படிதான் இந்தக் கோடுகள் செய்யப்படுகின்றன. ஆனால் மூன்று மூலைகளில் இருக்கும் பெரிய சதுரங்கள் தெளிவாகத் தெரிய வேண்டும். ரவுட்டரைச் சுவரில் மாட்டுவதற்கு முன்பே ஸ்கேன் செய்துவிடுங்கள். மாட்டியபின் ஸ்டூல் போட்டு ஏறி, தலையைச் சாய்த்துப் படிக்கிற அவஸ்தை வேண்டாம்.

இனி வராத வீடுகளுக்கு வருவோம். ஸ்டிக்கரில் ஒன்றுக்கு மேற்பட்ட கோடுகள் இருக்கலாம். ஒன்று சீரியல் நம்பருக்கானது, ஒன்று கம்பெனியின் ஆப்பை இறக்குவதற்கானது, ஒன்று வைஃபைக்கானது. ஸ்கேன் செய்ததும் வெறும் எண்ணும் எழுத்தும் வந்தால் அது சீரியல் நம்பர். இணைய முகவரி வந்தால் அது ஆப்புக்கானது, அதைத் திறக்க டேட்டா வேண்டும். வைஃபை பெயரைச் சொல்லி, சேரலாமா என்று கேட்டால்தான் நாம் தேடுவது. எல்லா ரவுட்டரிலும் இந்த மூன்றாவது கோடு இருக்காது. இல்லையென்றால் கையால் தட்டச்சு செய்ய வேண்டியதுதான்.

சரியான கோடுதான், ஆனாலும் சேர மறுக்கிறதா? நம் ஊரில் இதற்கு முக்கியக் காரணம், இணைப்புக் கொடுக்க வந்தவர் வைஃபையின் பெயரை 'பிளாட் 3பி' என்றும், பாஸ்வேர்டை உங்கள் மொபைல் எண்ணாகவும் மாற்றிவிட்டுப் போயிருப்பார். ஸ்டிக்கர் தொழிற்சாலையில் அச்சானது. நீங்கள் உள்ளே மாற்றுவது அதற்குத் தெரியாது. பெயர் மாறியிருந்தால், போன் இல்லாத Home-4C7A-வைத் தேடிவிட்டு, அப்படி ஒரு நெட்வொர்க் அருகில் இல்லை என்கிற மாதிரி சொல்லும். பெயர் அப்படியே இருந்து பாஸ்வேர்டு மட்டும் மாறியிருந்தால், பாஸ்வேர்டு தவறு என்று சொல்லும். செய்தியைப் பார்த்தே எது மாறியிருக்கிறது என்று ஊகிக்கலாம்.

இந்த இடத்தில் பலர் பின்னால் இருக்கும் ரீசெட் ஓட்டையில் குண்டூசியைச் செருகப் போவார்கள். வேண்டாம். ரீசெட் செய்தால் ஸ்டிக்கரில் உள்ள பாஸ்வேர்டு திரும்ப வரும், உண்மைதான். ஆனால் பல இணைப்புகளில் உங்கள் கணக்கின் யூசர்நேமும் பாஸ்வேர்டும் ரவுட்டருக்குள்தான் பதிந்திருக்கும்; அதுவும் அழிந்துவிடும். பிறகு வைஃபை சேரும், நெட் வராது. டெக்னீஷியன் திரும்ப வரும்வரை காத்திருக்க வேண்டும்.

வைஃபை சேர்வதும் நெட் வருவதும் வேறு வேறு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். போனில் இணைந்தது என்று வந்து, கூடவே இன்டர்நெட் இல்லை என்றும் வந்தால், ஸ்டிக்கர் தன் வேலையைச் செய்துவிட்டது. இனி கோளாறு வெளியிலிருந்து வரும் இணைப்பில்தான். ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால், கண்ணாடி இழையில் ஒளி வரவில்லை என்று பொருள். அதற்கு எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் பயனில்லை, கம்பெனிக்கு போன் போட வேண்டும்.

அந்த விளக்கைப் பற்றிப் பேசும்போதுதான் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். "சிவப்பு விளக்கு எரிகிறது, யாருக்காவது தெரியுமா?" என்று நம் வாட்ஸ்அப் குரூப்பில் ரவுட்டரின் படத்தைப் போடுகிறோம். ஸ்டிக்கர் தெரியும்படியான படம் என்றால், பாஸ்வேர்டை எழுதிப் போட்டதும் அதுவும் ஒன்றே. குரூப்பில் இருநூறு பேர் இருக்கலாம். அதில் காலி செய்துவிட்டுப் போனவர்கள், புரோக்கர்கள்கூட இருப்பார்கள். நம் சுவர்களைத் தாண்டி மாடிப்படி, பக்கத்து வீடு, கீழே பார்க்கிங் வரை வைஃபை போகிறது. இணைப்பு உங்கள் பெயரில் இருக்கிறது. அதன் வழியே யார் எதைச் செய்தாலும் முதல் கேள்வி உங்களிடம்தான் வரும். போதாக்குறைக்கு, சில ஸ்டிக்கர்களில் ரவுட்டரின் அட்மின் யூசர்நேமும் பாஸ்வேர்டும்கூட அச்சாகியிருக்கும். அது வைஃபை பாஸ்வேர்டு அல்ல, ரவுட்டரின் செட்டிங்குகளையே மாற்ற விடும் சாவி.

ஆகவே முதல் நாள் ஸ்டிக்கரை ஸ்கேன் செய்து உள்ளே போங்கள். பிறகு இரண்டு பாஸ்வேர்டுகளையும் மாற்றுங்கள். ரவுட்டரின் ஆப் வழியாகவோ, ஸ்டிக்கரில் உள்ள 192.168.1.1 போன்ற முகவரியை பிரவுசரில் தட்டியோ செய்யலாம். மாற்றியதும் வீட்டில் எல்லா போனும் டிவியும் துண்டிக்கப்படும், பயப்பட வேண்டாம்; புது பாஸ்வேர்டைக் கொடுத்தால் சேர்ந்துவிடும்.

ஸ்கேன் வசதி போய்விட்டதே என்று நினைக்காதீர்கள். ஏற்கெனவே சேர்ந்துவிட்ட ஆண்ட்ராய்டு போனில், அந்த வைஃபையின் பெயரைத் தொட்டு Share என்பதை அழுத்தினால் புதிய பாஸ்வேர்டோடு புதிய கோடு வரும். பல போன்களில் கீழே எழுத்திலும் காட்டும். லேப்டாப்பில் தட்டும்போது பூஜ்யமா, ஓவா என்ற குழப்பம் இருக்காது. ஐபோனில் ஐஓஎஸ் 18 முதல் Passwords ஆப்பில் வைஃபை பகுதியில் இந்தக் கோடு கிடைக்கும். இதற்கென்று இணையத்தில் கோடு செய்து தரும் தளங்கள் பல உண்டு. ஆனால் யாரோ நடத்தும் பக்கத்தில் நம் வீட்டு பாஸ்வேர்டை எதற்குத் தட்ட வேண்டும்?

விருந்தினர் அடிக்கடி வரும் வீடுகளுக்கு ஒன்று. பல ரவுட்டர்களில் கெஸ்ட் நெட்வொர்க் என்று தனியாக ஒன்று இருக்கும். அதற்கு வேறு பெயரும் வேறு பாஸ்வேர்டும் கொடுத்து, அதன் கோடை அச்சடித்து ஹாலில் வைத்துக்கொள்ளுங்கள், ஜன்னல் பக்கம் மட்டும் வேண்டாம். பழைய ஸ்டிக்கரின் மேல் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். கிழித்துவிடாதீர்கள், சீரியல் நம்பர் அதில்தான் இருக்கிறது. புகார் கொடுக்கும்போது கேட்பார்கள்.

கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம். ரவுட்டரைக் கையோடு கொண்டுவந்திருக்கும் இரண்டு வீட்டார் மட்டும் கூட்டம் முடிந்ததும் இருங்கள், சேர்ந்தே பார்த்துவிடலாம்.