அருஞ்சொற்பொருளில் எதைச் சேர்ப்பது?



இடைநிலையில் தமிழ் கற்போர்க்காகக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தைக் களமாகக் கொண்டு நான் எழுதிய சிறு கதையொன்றை முதலில் படிக்கிறேன்.

“மீனா முதல் நாள் வேலைக்குப் போனாள். மலையில் பனி மூடியிருந்தது. ‘இரண்டு இலையும் ஒரு மொட்டும் போதும். முற்றிய இலையைப் பறிக்காதே’ என்றாள் அத்தை. மீனா விரைவாகப் பறித்தாள். நண்பகலுக்குள் கூடையை நிரப்பினாள். கங்காணி வந்தார். கூடையில் கையை விட்டார். பல இலைகளை எடுத்துக் கீழே போட்டார். கூடையில் பாதிதான் மிஞ்சியது. மறுநாள் மீனா மெதுவாகப் பறித்தாள்.”

இது கைவிரலால் கொழுந்தெடுத்த காலத்துக் கதை. இன்று அம்மலையில் கத்திரியும் இயந்திரமும் மிகுதி.

கதையில் உள்ளவை 41 சொற்கள். அருஞ்சொற்பொருளில் நான் சேர்த்தவை ஐந்து:

மொட்டு – விரியாத இளந்தளிர்
பறி – கிள்ளி எடு
முற்று – இளமை நீங்கித் தடித்துப் போ
நிரப்பு – நிறையச் செய் (தானே நிறைவது: நிரம்பு)
கங்காணி – தோட்டத்தில் வேலையை மேற்பார்ப்பவர்

வினைகளை வேர்ச்சொல்லாகவே தந்திருக்கிறேன். பறிக்காதே, பறித்தாள் என்பவற்றைத் தனித்தனியே தந்தால் மாணவர் ஒரே வினையை இரு சொற்களாக மனப்பாடம் செய்வார். எளிய சொற்களின் பட்டியல் தயாரிப்போரும் இவ்விடத்தில் வழுக்குவதுண்டு. வடிவங்களைத் தனித்தனியே எண்ணினால், அன்றாடம் வழங்கும் வினைகூட அரிய சொல்லாகத் தோன்றும்.

நிரப்பு என்பதன் அருகே நிரம்பு என்பதை வைத்ததற்குக் காரணம் உண்டு. திரும்பு, திருப்பு போல இவையும் தன்வினை, பிறவினை இணை. மெல்லெழுத்து வல்லெழுத்தாவதை ஒருமுறை கண்டுகொண்ட மாணவர், அடுத்த இணையைத் தாமே இனங்காண்பார். மிஞ்சு என்பதை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். ‘பாதிதான்’ என்னும் சொல்லே அதன் பொருளைக் காட்டிவிடுகிறது.

முற்று என்பதில்தான் இடர் மிகுதி. அகராதியில் அதற்கு ‘முடிவுபெறு’ என்னும் பொருளும் உண்டு. அதைக் கொண்டு படித்தால் ‘முடிந்த இலை’ என்றாகிக் கதை குலைந்துபோகும். ஆகவே அகராதிப் பொருள்கள் அனைத்தையும் அடுக்காமல், இக்கதைக்குரிய பொருளை மட்டும் தர வேண்டும்.

மாணவருக்கு விளங்கிற்றா என்பதை அறிய, ‘கங்காணி ஏன் இலைகளைக் கீழே போட்டார்?’ என்று கேளுங்கள். ‘கோபத்தால்’ என்று விடை வந்தால், அவர் ‘முற்றிய’ என்னும் சொல்லைத் தாண்டிப் போயிருக்கிறார். அப்போது அருஞ்சொற்பொருளை நீட்ட வேண்டா. அத்தையின் பேச்சில் ‘அது தடித்திருக்கும், எளிதில் ஒடியாது’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டு, மீண்டும் படிக்கச் சொல்லுங்கள்.