42 என்பது மதிப்பெண் அல்ல

(தொலைக்காட்சிப் பெற்றோர் மன்றத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த மேடையில் நான் கேள்வி கேட்பவள். இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பேசுவதற்கு என்னிடம் ஒரு கடிதம் இருக்கிறது. என் அக்கா தன் மகனின் பள்ளிக்கு எழுதிய கடிதம் அது. அதை எழுத வேண்டி வந்ததற்கு நானும் ஒரு காரணம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

பையன் ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கிறான். பெற்றோர் சந்திப்பு நாளன்று அக்காவுக்கு மாலை ஷிஃப்ட், அத்தானுக்கு ஜொகூரில் வேலை. அதனால் சித்தி என்ற முறையில் நான் போனேன். தேர்ச்சி அறிக்கையைப் பார்த்துக் கையொப்பமிட்டு அங்கேயே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். நான் கைபேசியில் படம் எடுத்து அக்காவுக்கும் அத்தானுக்கும் அனுப்பினேன். மக்கள் தொடர்பியலில் டிப்ளோமா வாங்கியவள், கேமராவுக்கு முன்னால் பிழைப்பு நடத்துபவள் எடுத்த படம் எப்படி இருந்தது தெரியுமா? மேலே குழல் விளக்கின் வெளிச்சம் பட்டுத் தலைப்பு வெளுத்திருந்தது. கீழே என் பெருவிரல் இரண்டு வரிகளை மறைத்திருந்தது. நடுவில் எண்கள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன.

ஆங்கிலம் 42. கணிதம் 12. ஒவ்வொரு எண்ணின் மீதும் சாம்பல் நிறத்தில் நீளமாக ஒரு பட்டை. மேலே "பெர்சென்டைல் பேண்ட்" என்று பாதி அழிந்த எழுத்து. பக்கத்தில் சிறிய எழுத்தில் சென்ற ஆண்டின் எண்கள்: ஆங்கிலம் 58, கணிதம் 12.

அன்றிரவே அத்தானிடமிருந்து அழைப்பு வந்தது. "ஆங்கிலத்தில் 58இலிருந்து 42க்கு விழுந்திருக்கிறான். என்ன படிக்கிறான் இவன்?" என்றார். கணிதம் போன வருஷம் மாதிரியேதான் இருக்கிறது, அதைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்றும் சொன்னார். மறுவாரமே சனிக்கிழமைக் காற்பந்து நின்றது. மாதம் 180 ரிங்கிட்டுக்கு ஆங்கில டியூஷன் ஏற்பாடாயிற்று. பையன் யாரிடமும் எதுவும் பேசவில்லை. நூற்றுக்கு 42 வாங்கித் தோற்றுவிட்டோம் என்று அவனும் நம்பியிருந்தான்.

அத்தானைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2011இல் பள்ளி அடிப்படையிலான மதிப்பீடு வந்தபோது பேண்ட் 1 முதல் பேண்ட் 6 வரை கேட்டுப் பழகியவர்கள் நாம். அந்தப் பேண்ட், பிள்ளை பாடத்தில் எந்த அளவு தேறியிருக்கிறான் என்பதைச் சொன்னது. வகுப்பில் எல்லாரும் பேண்ட் 5 வாங்க முடியும். பெர்சென்டைல் அப்படியன்று. அது ஒரு வரிசை. நூறு பேரை வரிசையாக நிறுத்தினால் உங்கள் பிள்ளை எத்தனை பேரைத் தாண்டி நிற்கிறான் என்பதே அந்த எண். 42 என்றால் சுமார் 42 பேருக்கு மேலே நிற்கிறான் என்று பொருள். கேள்விகளில் 42 விழுக்காடு சரியாக எழுதினான் என்று பொருளல்ல. முக்கால்வாசிக் கேள்விக்குச் சரியாக விடை எழுதியவனும், மற்றவர்கள் இன்னும் நன்றாக எழுதியிருந்தால், 42இல் நிற்கலாம்.

இந்த அளவு எனக்குப் புரிந்தது. யாரோடு வரிசை, அந்தப் பட்டை எதற்கு என்பது புரியவில்லை. அதனால் அக்காவும் நானும் உட்கார்ந்து பள்ளிக்குக் கடிதம் எழுதினோம். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொல்கிறேன்.

"மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். என் மகனின் தேர்ச்சி அறிக்கையைப் படமாக மட்டுமே நான் பார்த்தேன். படத்தில் அடிக்குறிப்பு தெரியவில்லை. அதனால் சில விளக்கங்கள் தேவைப்படுகின்றன. ஒன்று, இந்த பெர்சென்டைல் யாரோடு ஒப்பிட்டுக் கணக்கிடப்பட்டது? அவன் வகுப்போடா, பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவர்கள் அனைவரோடுமா, வெளியில் உள்ள மாணவர்களோடா? இரண்டு, எண்ணின் மீதுள்ள பட்டை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அது எதைக் காட்டுகிறது? மூன்று, சென்ற ஆண்டின் 58ஐயும் இவ்வாண்டின் 42ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாமா? நான்கு, நாங்கள் வீட்டில் கவனிக்க வேண்டியது எந்தப் பாடம்? அறிக்கையின் தெளிவான பிரதி ஒன்றும் அனுப்பினால் நன்றியுடையவளாக இருப்பேன்."

கடிதம் இவ்வளவுதான். குறையும் கோபமும் இல்லை. ஐந்து நாளில் பதில் வந்தது. மதிப்பீட்டுக்குப் பொறுப்பான ஆசிரியை தெளிவான பிரதியை அனுப்பி, அக்காவை நேரிலும் வரச் சொன்னார்.

என் பெருவிரல் மறைத்த வரிகளில் முதல் கேள்விக்கு விடை இருந்தது. இது பிரிட்டனில் தயாரித்த தரப்படுத்திய தேர்வு. ஒப்பீடு, அங்கே முன்பு இதே தேர்வை எழுதிய அதே வயது மாணவர்களோடு. வகுப்பில் அவனுக்கு எத்தனையாவது இடம் என்பதை இந்த எண் சொல்லவே இல்லை.

இரண்டாவது வரி பட்டையைப் பற்றியது. ஒரே பிள்ளை இன்றைக்கு ஒரு தேர்வும், அதே மாதிரி இன்னொரு தேர்வை அடுத்த வாரமும் எழுதினால் ஒரே புள்ளி வராது. தூக்கம், காய்ச்சல், தெரிந்த கேள்வி வந்தது, ஊகித்தது சரியாகிவிட்டது என்று ஏதாவது இருக்கும். அதனால் தேர்வைத் தயாரிப்பவர்களே, உண்மை நிலை இந்த எல்லைக்குள் இருக்கலாம் என்று ஒரு பட்டை போடுகிறார்கள். அடிக்குறிப்பில் 90 விழுக்காடு என்று இருந்தது. இப்படி நூறு பட்டை போட்டால் ஏறக்குறைய 90இல் பிள்ளையின் உண்மை நிலை உள்ளே அடங்கும், பத்தில் அடங்காது என்பது அதன் பொருள்.

இப்போது எண்களைப் பாருங்கள். இந்தத் தேர்வில் சராசரி 100 என்று வரும்படி, வயதையும் கணக்கில் எடுத்து, ஒரு தரப்படுத்திய புள்ளி தருகிறார்கள். பெர்சென்டைல் அதிலிருந்துதான் வருகிறது. ஆங்கிலத்தில் சென்ற ஆண்டு அவன் புள்ளி 103, இந்த ஆண்டு 97. ஆறு புள்ளிதான் வித்தியாசம். அது எப்படி பெர்சென்டைலில் 58, 42 என்று பதினாறாக விரிந்தது? தைப்பூசத்தன்று பத்துமலையில் கூட்டத்தின் நடுவே ஓர் அடி முன்னே வைத்துப் பாருங்கள், பத்துப் பேரைத் தாண்டி விடுவீர்கள். கூட்டத்தின் ஓரத்தில் அதே ஓர் அடிக்கு ஒருவரைத் தாண்டுவதே அரிது. பெரும்பாலான பிள்ளைகள் சராசரியைச் சுற்றியே நெருக்கமாக நிற்பதால், நடுவில் சிறிய அசைவும் பெரிய வித்தியாசமாகத் தெரியும். மேலே 124 புள்ளிக்கும் 130 புள்ளிக்கும் அதே ஆறுதான் வித்தியாசம். பெர்சென்டைலிலோ 95க்கும் 98க்கும் உள்ள மூன்றுதான்.

பட்டையின் அகலம் இருபுறமும் ஏழு ஏழு புள்ளி. அதைப் பெர்சென்டைலுக்கு மாற்றினால் சென்ற ஆண்டின் ஆங்கிலம் 39 முதல் 75 வரை. இந்த ஆண்டின் ஆங்கிலம் 25 முதல் 61 வரை. இரண்டு பட்டைகளும் 39இலிருந்து 61 வரை ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. அவன் உண்மையில் இறங்கினானா, அதே இடத்தில்தான் இருக்கிறானா என்பதை இந்தத் தாளை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இறங்கவே இல்லை என்றும் அடித்துச் சொல்ல முடியாது. இன்னொரு தேர்வும் வகுப்பு வேலையும் அதே திசையைக் காட்டினால்தான் நம்பலாம் என்றார் ஆசிரியை. அவனுடைய ஆங்கிலக் கட்டுரைகள் அப்படி எதையும் காட்டவில்லை.

அடுத்து அவர் விரல் வைத்த இடம் கணிதம். சென்ற ஆண்டும் 12, இந்த ஆண்டும் 12. மாறவில்லை என்று நாங்கள் விட்டுவிட்ட வரி. எண் மாறாததால் பிள்ளை ஒன்றும் கற்கவில்லை என்று நினைக்கக் கூடாது. எல்லாரும் ஓர் ஆண்டு முன்னேறினார்கள், அவனும் அவர்களோடு முன்னேறினான், அதனால்தான் அதே இடம். ஆனால் அந்தப் பட்டை 5 முதல் 23 வரை. ஆங்கிலப் பட்டை தொடங்குவதோ 25இல். இரண்டும் தொடவே இல்லை. பட்டையின் மேல்முனையும் நடுவுக்கு வெகு கீழே நிற்கிறது. இரண்டு ஆண்டும் அப்படித்தான். இதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

அப்புறம் கேள்வி வாரியான தாளைக் காட்டினார். கூட்டல், பெருக்கல் எல்லாம் சரி. பின்னம் வரும் இடமெல்லாம் தவறு. அக்கா வீட்டுக்கு வந்து அவன் பயிற்சிப் புத்தகத்தைப் புரட்டினார். அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தான். மேலே உள்ளதை மேலே உள்ளதோடும் கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டியிருக்கிறான். அரையில் தொடங்கிக் கூட்டியபின் அரையை விடக் குறைந்துவிட்டதே என்று அவனுக்குத் தோன்றவில்லை. ஐந்தாம் ஆண்டுப் புத்தகத்திலும் அதே தவறு இருந்தது. பெர்சென்டைல் அதைச் சொல்லவில்லை, எங்கே தேட வேண்டும் என்று மட்டும் காட்டியது. தவறு என்ன என்பதைப் புத்தகம்தான் சொன்னது.

அந்த 180 ரிங்கிட் எந்தப் பாடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். விழுந்ததா என்றே உறுதியில்லாத பாடத்துக்கு டியூஷன். இரண்டு ஆண்டாகக் கைகாட்டி நின்ற பாடத்துக்கு ஒன்றுமில்லை.

ஆங்கில டியூஷன் நின்றுவிட்டது. வாரத்தில் இரண்டு மாலை அக்கா ரொட்டியை வெட்டி வைத்துக்கொண்டு அவனோடு பின்னம் செய்கிறார். காற்பந்து திரும்பி வந்தது. அத்தான் மகனிடம் நேரில் மன்னிப்புக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. அடுத்த சனிக்கிழமை ஜொகூரிலிருந்து வந்து திடல் ஓரத்தில் நின்றிருந்தார், அதைப் பார்த்தேன்.

உங்கள் வீட்டுக்கும் இப்படி ஓர் அறிக்கை வந்தால், எண்ணைப் படிப்பதற்கு முன் அடிக்குறிப்பைப் படியுங்கள். யாரோடு ஒப்பீடு, பட்டை எங்கிருந்து எங்கு வரை என்று அதில் இல்லாவிட்டால் பள்ளிக்கு நான்கு வரி எழுதிக் கேளுங்கள். படம் எடுப்பதானால் தாளின் நான்கு மூலையும் தெரிகிறதா என்று பாருங்கள். விரலை எடுத்துவிட்டு எடுங்கள். இதை அனுபவப்பட்டவள் சொல்கிறேன்.