அம்மாவுக்கு ‘க்கு’ கிடையாது

இன்னைக்கு எபிசோட் ஒரே ஒரு பக்கத்தைப் பத்தி.

காலேஜ்ல என்கூடப் படிச்ச ஒருத்தி, ஊர் பெரம்பலூர் பக்கம் செட்டிகுளம். இத்தாலியில ஜியாலஜி பிஎச்டி முடிச்சா. ஆய்வு, அரியலூர் - காரை பகுதியில கிடைக்கிற கடல் உயிரி பாசில்கள் பத்தி. தீசிஸ் இங்கிலீஷ்ல. நன்றியுரையை மட்டும் இத்தாலியன்லயும் போடணும்னு நினைச்சா, லேப்ல கல்லை அறுத்துக் கொடுத்தவரும் படிக்கணுமே. நான் மிலன்ல 2 வருஷம் வேலை பார்த்தவன், அதனால என்கிட்ட அனுப்பினா.

முதல் வரியே, ‘தெய்வத்துக்குச் சமமான என் குருவின் பாதம் பணிந்து...’ நம்ம ஊர் தீசிஸ்ல இது சாதாரணம். அங்க அப்படியே போட்டா, பேராசிரியர் சங்கடப்படுவார். ‘தெசிதெரோ ரிங்கிராட்சியாரே’, அதாவது ‘நன்றி கூற விரும்புகிறேன்’னு ஆரம்பிச்சு, பேருக்கு முன்னாடி ப்ரொஃபெசோர் பட்டத்தைப் போட்டா போதும். தமிழ்ல ‘அவர்’லயே மரியாதை வந்துடும். இத்தாலியன்ல நன்றி சொல்ற வினை யாருக்கும் மாறாது, மரியாதையைப் பட்டம்தான் சுமக்கும். பணிவைக் குறைச்சுட்டு, அவர் என்ன செஞ்சார்னு எழுதினோம்: மூணு தடவை அத்தியாயத்தைத் திருத்தினதுக்கு.

அடுத்து நம்ம ஆளுங்க எல்லாரும் விழுற குழி. ‘அம்மாவுக்கு நன்றி’ன்னு நாம சொல்றதால, இத்தாலியன்லயும் அந்த ‘க்கு’வைப் போட்டு ‘ரிங்கிராட்சியோ ஆ மியா மாத்ரே’ன்னு எழுதியிருந்தா. தப்பு. அந்த வினை நேரா ஆளைப் பிடிக்கும்: ‘ரிங்கிராட்சியோ மியா மாத்ரே’. ‘க்ராட்சியே’ன்னு ஆரம்பிச்சா மட்டும் அந்த ‘ஆ’ வரும். ‘மாம்மா’ வீட்டுப் பேச்சு, ‘மாத்ரே’தான் இங்க பொருந்தும். பெற்றோர்னு நினைச்சு ‘பாரென்தி’ போட்டுடாதீங்க, அது சொந்தக்காரங்க. பெற்றோர் ‘ஜெனிதோரி’.

சிக்கல் அம்மா வரியில வந்துச்சு. சின்ன வெங்காயம் ஆஞ்ச கூலியில படிக்க வச்சவங்க. நான் மரியாதையா ‘ஆதரவுக்கு’ன்னு ‘சொஸ்தேன்யோ’ போட்டேன். அவ போன்ல கத்திட்டா: “ஆதரவுன்னா பேங்க் கூட கொடுக்கும்டா!”

நியாயம்தான். அடைமொழி எதுவும் சேர்க்காம, நடந்ததை மட்டும் வச்சோம்: ‘வெங்காய வயல்களில் உழைத்து என் படிப்பைச் சாத்தியமாக்கிய என் தாய்க்கு’. சம்பிரதாயம் கெடல. ‘சிப்போல்லா’ பெரிய வெங்காயம்னு அதை மாத்தி, சின்னதுக்கு ‘ஸ்கலோஞ்ஞோ’ போட்டோம்.

இதுல ஒரு வேடிக்கை. இத்தாலியில பிறந்த வீரமாமுனிவர் அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில இருந்துதான் தமிழ்ல எழுதினார். நாங்க ரிவர்ஸ்ல போனோம்.

தீசிஸ் வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாங்களாம், “இதுல வெங்காயம் எங்க இருக்கு, காட்டு.” விரல் வச்சுக் காட்டினாளாம். அந்தப் பக்கத்துல காய்ஞ்ச தோல் ஒண்ணை வச்சு மூடிட்டாங்க.