புள்ளிகளால் ஆன படம்

ஒரு பள்ளிக்கூடம் ஐம்பதுகளில் வெளியிட்ட பொன்விழா மலரை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அதன் நடுவில், வழவழப்பான ஆர்ட் பேப்பரில், ஆசிரியர்களும் மாணவர்களுமாக முப்பது பேர் மூன்று வரிசையில் அமைந்த குழுப் படம் ஒன்று அச்சாகியிருக்கிறது. ஆறு அங்குல அகலம், நான்கு அங்குல உயரம். அந்தப் படத்தை எடுத்த ஸ்டூடியோ மூடப்பட்டுவிட்டது. மூலப் படமும் எங்கோ போய்விட்டது. மிஞ்சியிருப்பது இந்த அச்சு ஒன்றுதான். இதைக் கைப்பேசியால் படம் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் முனைந்தால், அவருக்கு வழக்கமாக மூன்று இடையூறுகள் நேரும். படத்தின் நடுவே வெள்ளையாக ஒரு வெளிச்சத் திட்டு விழும். நீள்சதுரமாக இருக்க வேண்டிய படம் ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் ஒடுங்கியும் கோணலாக வரும். போதாக்குறைக்கு, மூலத்தில் இல்லாத அலைகளும் கட்டங்களும் படம் முழுவதும் படர்ந்து நிற்கும்.

மூன்றையும் பிறகு கணினியில் சரிசெய்துகொள்ளலாம் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் இம்மூன்றும் ஒரே ஜாதியைச் சேர்ந்த குறைகள் அல்ல. வெளிச்சத் திட்டைப் படம் எடுப்பதற்கு முன்பே விலக்கியாக வேண்டும். கோணலைப் பாதி முன்பும் பாதி பின்பும் திருத்தலாம். அலைக்கோலத்துக்குக் காரணமான புள்ளிகளையோ பிறகுதான் கரைக்க முடியும், அதுவும் முதலில் அவற்றைத் தெளிவாகப் பிடித்திருந்தால் மட்டுமே. இந்த வரிசையிலேயே விஷயத்தைப் பார்ப்போம்.

முதலில் வெளிச்சத் திட்டு. வழவழப்பான காகிதம், தன்மேல் எந்தச் சாய்வில் ஒளி விழுகிறதோ அதே சாய்வில் மறுபுறம் அதைத் திருப்பி அனுப்புகிறது. அப்படித் திரும்பும் ஒளி கேமராவின் கண்ணில் நேரே விழுந்தால், அந்த இடத்தில் மை எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் வெள்ளையே பதிவாகும்; அங்கிருந்த முகம் பதிவில் இல்லாமலே போய்விடும், இல்லாததை எந்த உபாயத்தாலும் பிறகு வருவிக்க இயலாது. ஆகவே கைப்பேசியின் ஃபிளாஷையும், தலைக்கு மேலே உள்ள குழல் விளக்கையும் அணைத்துவிட்டு, நேர் வெயில் படாத ஒரு ஜன்னலின் பக்கவாட்டு வெளிச்சத்தை மட்டும் வைத்துக்கொள்வது உத்தமம்.

தனித்தாளாக இருந்தால் இதுவே போதும். தைத்த மலராக இருப்பதால் இன்னொரு சங்கடம் உண்டு. தையலை நெருங்க நெருங்கப் பக்கம் வளைந்து இறங்குகிறது. அந்த வளைவு ஜன்னலைப் பார்த்திருந்தால், தையலை ஒட்டி நெடுக ஒரு வெள்ளைப் பட்டை தோன்றும். இதற்குப் பரிகாரம், மலரின் முதுகு ஜன்னலை நோக்கி நீண்டிருக்குமாறு, அதாவது பக்கத்தின் தலைப்பகுதி ஜன்னல் பக்கம் இருக்குமாறு, திருப்பி வைப்பதுதான். வளைவு அப்போது இடவலமாகச் சாய்ந்திருக்கிறது. ஒளியோ தலைமாட்டிலிருந்து வருகிறது. ஆதலால் இரண்டும் சந்தித்துக் கேமராவுக்குள் பாய வழியில்லை. அடிப்பக்கம் சற்று இருண்டு போனால், அங்கே ஒரு வெள்ளை அட்டையைச் சாய்த்து நிறுத்தினால் வெளிச்சம் சமனாகிவிடும்.

இப்போது கைப்பேசியை நிறுத்துவோம். இரண்டு அடுக்காகப் புத்தகங்களை வைத்து, அவற்றின் குறுக்கே, கேமராவின் கண் இடைவெளியில் கீழ்நோக்கி இருக்குமாறு படுக்கவைத்தால் கைநடுக்கம் என்ற தொல்லையே இல்லை. கேமராவுக்கும் காகிதத்துக்கும் இடையே ஆறு அங்குலம் இருக்கட்டும். அதைவிட மிக நெருங்கினால், சில கைப்பேசிகள் தாமாகவே அகலக்கோண லென்ஸுக்கு மாறிவிடுகின்றன. திரையில் படம் ஒரு துள்ளுத் துள்ளினால் அப்படி மாறியதாக அர்த்தம். அந்த லென்ஸில் ஓரங்கள் வளைந்தும் மங்கியும் வருமாகையால், துள்ளல் நிற்கும் வரை சற்று உயர்த்திக்கொள்ள வேண்டும்.

இந்த நிலையில் பக்கத்தின்மேல், படத்தின் நட்டநடுவில், முகம் பார்க்கும் சிறு கண்ணாடி ஒன்றைப் படுக்கவைத்துத் திரையைப் பாருங்கள். அந்தக் கண்ணாடி இரண்டு சேதிகளைச் சொல்லும். கண்ணாடிக்குள் ஜன்னலோ, வெள்ளைச் சுவரோ, உங்கள் சட்டையோ பளிச்சென்று தெரிந்தால், அதுவே படத்தில் திட்டாக விழப்போகிறது. தெரிவது எதுவோ அதைக் கறுப்புத் துணியால் மறைத்துவிடலாம். கண்ணாடியைப் படத்தின் நான்கு மூலைகளுக்கும் நகர்த்தி இதே சோதனையைச் செய்துவிட்டால், திட்டைப் பற்றிய கவலை தீர்ந்தது. இரண்டாவது சேதி கோணலைப் பற்றியது. கண்ணாடியை மறுபடி நடுவில் வைத்தால், கேமராவின் கண்ணே அதில் பிரதிபலிக்கக் காண்பீர்கள். அந்தப் பிரதிபிம்பம் திரையின் சரிமத்தியில் நின்றால் கேமரா காகிதத்துக்கு நேர்செங்குத்தாக இருக்கிறது. ஒரு பக்கம் ஒதுங்கினால் சாய்ந்திருக்கிறது. கைப்பேசியில் உள்ள மட்டக்குறி தரைக்குத்தான் மட்டம் பார்க்கும்; விரித்து வைத்த மலரின் பக்கமோ தரைக்கு மட்டமாக இருப்பதில்லை. கண்ணாடி பக்கத்தின் மேலேயே கிடப்பதால், அந்தப் பக்கத்தின் சாய்வையே அளந்து காட்டுகிறது.

இனி அலைக்கோலத்துக்கு வருவோம். பத்திரிகையிலும் மலரிலும் அச்சாகும் படத்தில் சாம்பல் நிற மை என்று ஒன்று கிடையாது. கறுப்பு மையைச் சிறிதும் பெரிதுமான புள்ளிகளாக்கி, பெரும்புள்ளிகள் நெருங்கிய இடம் இருளாகவும், சிறுபுள்ளிகள் உள்ள இடம் வெளிச்சமாகவும் கண்ணை நம்பவைக்கிறார்கள். ஹாஃப்டோன் என்று பெயர் பெற்ற இந்த முறையில், 1880-ஆம் ஆண்டு மார்ச் 4-ஆம் தேதி நியூயார்க் நகரத்து ‘டெய்லி கிராஃபிக்’ பத்திரிகை ஒரு படத்தை வெளியிட்டது. இரண்டாண்டுகளில் ஜெர்மனியில் மைசன்பாக் என்பவர் இதைத் தொழில்முறையாக்கிக் காப்புரிமை பெற்றார். சத்யஜித் ராயின் பாட்டனாரான உபேந்திரகிஷோர் ராய் சௌதுரி, கல்கத்தாவில் இருந்துகொண்டே இந்தப் புள்ளிகளின் கணிதத்தை ஆராய்ந்து, லண்டனில் வெளியான ‘பென்ரோஸ்’ ஆண்டு மலரில் கட்டுரைகள் எழுதியவர்.

கைப்பேசியின் கேமராவும் உலகத்தைக் கட்டங்களாகவே பார்க்கிறது. அக்கட்டங்களைப் பிக்சல் என்கிறோம். புள்ளி வரிசை ஒன்று, பிக்சல் வரிசை மற்றொன்று. கொசுவலையின் இரண்டு மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது எந்த மடிப்பிலும் இல்லாத அலைகள் தோன்றுகின்றனவே, அதுபோலத்தான் இவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் மோதும்போது அலைக்கோலம் பிறக்கிறது. ஒரு புள்ளிக்கு இரண்டு பிக்சலுக்கும் குறைவாகக் கிடைத்தால் கோலம் நிச்சயம். மூன்று நான்கு கிடைத்தால் கோலம் மறைந்து, புள்ளி புள்ளியாகவே பதிவாகும்.

நம் படத்தைக் கொண்டு கணக்கிடுவோம். படத்தருகே ஒரு அளவுகோலை வைத்து நெருக்கத்தில் பார்த்தால், புள்ளிகள் மூலைவாட்டாக அணிவகுத்திருப்பது தெரியும். அந்த அணி செல்லும் திசையில் ஐந்து மில்லிமீட்டருக்குள் 26 புள்ளிகள் இருந்தால், அங்குலத்துக்குச் சுமார் 133. ஆர்ட் பேப்பருக்கு வழக்கமான நெருக்கம் அது. ஆறு அங்குலத்துக்கு 800 என்று வைத்துக்கொள்ளலாம். சாதாரணக் கைப்பேசிப் படத்தின் அகலம் 4000 பிக்சல். ஆறு அங்குல உயரத்தில் நம் குழுப் படம் அதில் முக்கால் பங்கை, அதாவது 3000 பிக்சலை நிரப்பும். புள்ளிக்கு நான்கு பிக்சல் வரை கிடைத்துவிடுகிறது. நின்றபடியே குனிந்து ஒன்றரை அடி உயரத்திலிருந்து எடுத்தாலோ, படத்தின் பங்குக்கு ஆயிரம் பிக்சல்தான் தேறும். 800 புள்ளிகளை அதற்குள் அடைக்க முயலும்போது அலை எழாமல் என்ன செய்யும்? அப்படி எழுந்துவிட்ட அலை முகத்தோடு முகமாகக் கலந்துவிடுமாதலால், பின்னால் அதைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம்.

ஒரு எச்சரிக்கை. எடுத்த படத்தைத் திரையில் சிறிதாகப் பார்க்கும்போதும் அலை தெரியலாம்; அது திரை செய்யும் வேலை. முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்துத் தனித்தனிப் புள்ளிகள் தெரிந்தால் படம் நல்ல படமே. அதை வாட்ஸப்பில் புகைப்படமாக அனுப்பினால் வழியிலேயே சுருங்கி உண்மையான அலையோடு போய்ச் சேரும். ஆவணமாக அனுப்புவதே முறை.

மிச்ச வேலை கணினியில். ஜிம்ப் என்ற இலவச நிரலில், மீந்திருக்கும் சிறு கோணலை நான்கு மூலைகளை இழுத்து நேராக்கலாம். பக்கத்தின் விளிம்பை நம்பாமல், படத்தின் எல்லைக்கோட்டையே பிடிக்க வேண்டும். ஏனெனில் பைண்டர் வெட்டிய விளிம்பு, படத்தை அச்சடித்த பிளாக்குக்கு இணையாக இருக்கும் என்ற நிர்ப்பந்தம் இல்லை. ஆறுக்கு நான்கு என்ற அச்சுப் படம், திருத்திய பின் 3000-க்கு 2000 ஆக இருக்க வேண்டும். 3000-க்கு 1850 என்று வந்தால், முப்பது பேரும் சற்றுக் குட்டையாகிப் போனார்கள் என்று பொருள். அளவைத் திருத்திவிட வேண்டும்.

அதன்பிறகே புள்ளிகளைக் கரைக்க வேண்டும். காஸியன் பிளர் என்ற கருவியில் ஒரு பிக்சலில் தொடங்கி மெல்லக் கூட்டிக்கொண்டே போனால், ஏறத்தாழ ஒன்றரைக்கும் இரண்டுக்கும் இடையே புள்ளிகள் ஒன்றோடொன்று இழைந்து, சாம்பல் நிறங்கள் தோன்றிவிடும். அந்தக் கணத்திலேயே நிறுத்திவிட்டு, படத்தைப் பாதி அளவுக்கு, அதாவது 1500 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினால், மங்கலும் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. முதலில் சுருக்கிவிட்டுப் பிறகு கரைக்கலாம் என்று வரிசையை மாற்றினால், சுருக்கும்போதே அலை புகுந்துவிட இடமுண்டு.

இவ்வளவும் செய்தபின், கடைசி வரிசையில் நிற்கும் ஒருவரின் முகம் இன்னும் தெளிவாக வரவில்லையே என்று குறைப்படத் தோன்றும். அந்த முகம் அச்சில் கால் அங்குல அகலம். குறுக்கே முப்பத்துச் சொச்சம் புள்ளிகள். ஒரு கண்ணுக்கு ஏழெட்டுப் புள்ளிகள் தேறினால் அதிகம். பிளாக் செய்தவர் அன்று கொடுத்தது அவ்வளவே. அதற்குமேல் கூர்மையைக் கூட்டக் கூட்டக் கிடைப்பது நிரலின் கற்பனையே தவிர, அந்த மனிதரின் முகம் அல்ல. ஆகையால் கரைத்துச் சுருக்கிய பிரதியைப் பார்ப்பதற்கென்று வைத்துக்கொண்டு, புள்ளிகளோடு கூடிய 3000 பிக்சல் மூலப் பதிவை அழிக்காமல் தனியே காப்பாற்றி வையுங்கள். அச்சு தந்தது அத்தனையும் அதில்தான் இருக்கிறது. இதைவிட நேர்த்தியாகக் கரைக்கும் முறை கைக்கு வரும் அன்று, வேலையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.