படத்தில் வந்த ஐந்தொகையைத் திரும்ப எழுதும் முறை

(பொருளாளர்களுக்கான கூட்டத்தில் நமது டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)

நம்மிடம் ஒரு பழைய ஐந்தொகையின் அசல் இல்லை. செல்போனில் எடுத்த படம் மட்டுமே இருந்தது. அதைக் கணினியில் ஏற்றியபோது நாம் செய்த இரண்டு தவறுகளைச் சொல்கிறோம்.

முதலில், படத்தில் அச்சாகியிருந்த துணைமொத்தங்களை நாம் அப்படியே தட்டச்சு செய்யவில்லை. வரிகளை மட்டும் ஏற்றி, கூட்டலைக் கணினியிடம் விட்டோம். அச்சான தொகையைப் பக்கத்துப் பத்தியில் வைத்து ஒப்பிட்டோம். தேய்மானம் கழித்த கட்டடம் 14,76,000, மரச்சாமான் 75,600, கூட்டினால் 15,51,600. அச்சிலும் அதுவே.

அடுத்து நடப்புச் சொத்துகள்: நிரந்தர வைப்பு 7,00,000, சேமிப்புக் கணக்கு 2,23,600, வாடகை பாக்கி 18,000, கையிருப்பு 4,500. கூட்டல் 9,46,100, அச்சில் 9,51,100. சரியாக 5,000 குறைந்தது. மங்கிய படத்தில் 8 என்பது 3 போலத் தெரியும், வித்தியாசம் ஐந்து. ஆயிரத்தின் இடத்தில் 3 இருந்த வரி சேமிப்புக் கணக்குதான். பெரிதாக்கிப் பார்த்தால் 2,28,600. வங்கிப் புத்தகத்திலும் அதுவே இருந்ததால்தான் திருத்தினோம். சொத்துகளின் மொத்தம் 25,02,700 ஆனது.

இரண்டாவது தவறுதான் நம்மைப் பயமுறுத்தியது. இடப்பக்கத்தில் தாளின் மடிப்பு நிழல் விழுந்து, 'பொறுப்புகள்' என்ற தலைப்பு மறைந்திருந்தது. மூலநிதி 18,50,000, உபரி 2,77,700 ஆகியவற்றின் கீழேயே கடைக்காரர்கள் தந்த முன்பணம் 3,60,000ஐயும் சேர்த்துவிட்டோம். தணிக்கைக் கட்டண பாக்கி 15,000 மட்டும் தனியாக நின்றது. இந்தப் பக்கமும் 25,02,700! இருபுறமும் டேலி ஆனதால் வேலை முடிந்தது என்றே நினைத்தோம்.

துணைமொத்தம்தான் காட்டிக்கொடுத்தது. நம் கணக்கில் டிரஸ்டின் சொந்த நிதி 24,87,700, அச்சில் 21,27,700. வித்தியாசம் 3,60,000, அதாவது அந்த முன்பணம் முழுவதும். கடையைக் காலி செய்யும்போது திருப்பித் தர வேண்டிய பணத்தை, செலவழிக்கலாம் என்று கமிட்டிக்குக் காட்டியிருப்போம். வரியைப் பொறுப்புகளுக்கு மாற்றினோம்: 3,60,000, 15,000, கூட்டல் 3,75,000. இரு துணைமொத்தங்களும் பொருந்தின.

ஆகவே, கடைசி மொத்தம் பொருந்தியதும் நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு தலைப்பையும் தனித்தனியே சரிபாருங்கள். வித்தியாசம் வந்தால் 'இதர வகை' என்று ஒரு வரி போட்டு நிரப்பாதீர்கள். ஒரு தலைப்பில் ஒரே ஓர் எண் மட்டும் தெரியாவிட்டால் துணைமொத்தத்திலிருந்து கழித்து எடுக்கலாம். ஆனால் 'கழித்து எடுத்தது' என்று பக்கத்தில் குறியுங்கள். இரண்டு எண்கள் தெரியாவிட்டால் ஊகிக்காமல், தணிக்கையாளரிடம் நகல் கேளுங்கள்.