இரு குழுக்களும் ஒரு பொறியும்



பேசுவதற்கு எமக்களிக்கப்பட்ட பத்து நிமிடத்தில் ஒரு சிறு கதையைச் சொல்ல விழைகின்றோம். கதை எனினும் நடந்ததே. அதில் வரும் இரு குழுக்களுள் ஒன்றில் நாமும் இருந்தோம்.

எமது மாணவர் விடுதிக்கும் அதன் அயலிலுள்ள ஆய்வுகூடத்துக்கும் நடுவே ஒரு கொட்டில் உண்டு. அதனுள் டீசலில் இயங்கும் மின்பிறப்பாக்கி ஒன்று நிற்கின்றது. மின்சாரம் நின்றால் விடுதியின் நீர்ப்பம்பியும், ஆய்வுகூடத்தில் இறால் குஞ்சுகள் வளரும் தொட்டிகளுக்குக் காற்றூட்டும் பம்பிகளும் அதனாலேயே இயங்க வேண்டும். பல்லாண்டுகளாக அதனை ஒரு முதிய ஊழியர் கவனித்து வந்தார். அவர் எந்தக் குழுவையும் சேர்ந்தவரல்லர். 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவர் இளைப்பாறினார்.

அம்மாதமே இரு குழுக்களும் கூடிப் பேசினோம். கூட்டக் குறிப்பில், “பொறி வாரந்தோறும் இயக்கிப் பார்க்கப்படும்” என்று எழுதினோம். நல்ல தமிழ்தான், ஆனால் செய்பவர் யாரென்று அவ்வாக்கியத்தில் இல்லை. பொறியை நம்பியிருப்பது ஆய்வுகூடம், ஆகவே அவர்களே பார்ப்பார்கள் என்று நாம் விளங்கிக்கொண்டோம். திறப்பு விடுதி அலுவலகத்தில் தொங்குகின்றது, ஆகவே விடுதியாரே பார்ப்பார்கள் என்று அவர்கள் விளங்கிக்கொண்டார்கள்.

அந்நினைப்பு ஒரு கிழமையிலேயே கலைந்திருக்க வேண்டாமா என நீங்கள் கேட்கலாம். கலையவில்லை, அதற்கு மாறாக வலுத்தது. சனிக்கிழமை காலைகளில் கொட்டிற் பக்கமிருந்து இயந்திர ஓசை கேட்கும். “பாருங்கள், அவர்கள் இயக்குகிறார்கள்” என்போம். அது மதிலுக்கு அப்பால் வீடு கட்டுவோரின் கொங்கிறீற்றுக் கலவை இயந்திரம் என்பது பின்னரே தெரிந்தது. எட்டிப் பார்த்தவர்களுக்கு டீசல் தாங்கி நிறைந்தே காணப்பட்டது. இயங்காத பொறி டீசலைக் குடிக்குமா? பற்றறிக்கு மின்னேற்றும் பெட்டியிலோ பச்சை விளக்கு எந்நேரமும் எரிந்துகொண்டிருந்தது.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலை என்று அமைச்சர் சொன்னதை மறந்திருக்கமாட்டீர்கள். நாம் திறப்புடன் ஓடினோம். திருகியபோது “டிக், டிக்” என்ற ஒலியன்றி வேறொன்றும் எழவில்லை. இயந்திரத்தைச் சுழற்றும் வலு பற்றறியில் இல்லை.

தொட்டிகள் ஆறு. எமது நண்பர் ஒருவரின் இறுதியாண்டு ஆய்வு முழுவதும் அவற்றில் இருந்தது. நெருக்கமாக வளரும் குஞ்சுகளுக்குக் காற்று நின்றால் நீரிலுள்ள ஒட்சிசன் விரைவிற் குறைந்துவிடும். அவை ஓரத்திலும் மேற்பரப்பிலும் வந்து தத்தளிக்கும். வாளியால் நீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றினால் சிறிது காற்றுக் கரையும். இரு குழுவினரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே மாறிமாறி ஊற்றினோம். ஒரு வானைத் தேடிப் பிடித்து, அதன் பற்றறியிலிருந்து கம்பி இணைத்துப் பொறியை இயக்குவதற்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேலாயிற்று. இரண்டு தொட்டிகள் தப்பின. நண்பர் எவரையும் கடிந்துகொள்ளவில்லை. அதுவே எமக்குக் கடினமாயிருந்தது.

மறுநாள் மின் தொழிலாளர் வந்து பார்த்தார். மின்னேற்றும் பெட்டியிலிருந்து பற்றறிக்குச் செல்லும் வழியில் உருகி எரிந்துபோயிருந்தது. 12 உவோற்றுப் பற்றறி ஒன்றுக்கு மின்னேறும்போது அதன் முனைகளில் ஏறத்தாழ 13.5 உவோற்று இருக்கவேண்டும். அங்கே 11 கூட இல்லை. நெடுநாள் வெறுமையாகக் கிடந்தமையால் ஈயத் தகடுகளில் வெண்படிவு இறுகிவிட்டது. இனி மின்னேற்றினாலும் பயனில்லை என்றார். புதியதே வாங்க நேர்ந்தது.

முதியவரின் வீட்டுக்கும் சென்றோம். கேட்டுவிட்டுச் சிரித்தார். “தம்பிமார், அந்தப் பச்சை லைற்றை நான் ஒருநாளும் நம்பினதில்லை. பெட்டிக்குக் கரண்ட் வருகுதெண்டுதான் அது சொல்லும். பற்றறிக்குப் போகுதெண்டு சொல்லாது. நான் மீற்றரை வைச்சுத்தான் பாப்பன்,” என்றார். வெறுமனே இயக்கி நிறுத்துவதும் போதாதாம். சுமையின்றி ஓடும் டீசல் இயந்திரம் நன்கு சூடாகாமல் கரி பிடிக்குமாம். மாதத்தில் ஒருமுறையாவது பம்பிகளை அதில் இணைத்து அரை மணித்தியாலம் ஓடவிட வேண்டுமென்றார். இவை எந்தக் குறிப்பிலும் இருக்கவில்லை. நாமும் அவரிடம் கேட்டிருக்கவில்லை.

பின்னர் அந்த வாக்கியத்தை மாற்றி எழுதினோம். “சனி காலை 8 மணிக்கு விடுதிக் குழுச் செயலாளர் பொறியை இயக்கி, பற்றறியின் உவோற்றளவைக் கொப்பியில் எழுதி ஒப்பமிடுவார். திங்கள் காலை ஆய்வுகூடக் குழுச் செயலாளர் கொப்பியைப் பார்ப்பார்.” வேலையையும் இருவருக்குப் பங்கிடலாம் என்று சிலர் சொன்னார்கள், நாம் உடன்படவில்லை. இயக்குபவர் ஒருவரே, மற்றவர் பார்ப்பவர் மட்டுமே.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை கொப்பியின் வரி வெறுமையாகக் கிடந்தது. பரீட்சைக் காலம், எமது செயலாளர் மறந்துவிட்டார். திங்கள் காலை எட்டரை மணிக்கு ஆய்வுகூடத்தார் வந்து எமது கதவைத் தட்டினார்கள்.