படத்தில் மங்கிப்போன ஒரு 2

பிளஸ் டூ படிக்கும் அண்ணன் மகள், தோழியின் நோட்டிலிருந்து ஒரு கணக்கைப் போனில் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். காப்பர் சல்பேட், அதாவது நம் மயில்துத்தக் கரைசலில் 2 ஆம்பியர் மின்னோட்டத்தை 30 நிமிடம் செலுத்தினால் எதிர்மின்வாயில் எவ்வளவு செம்பு படியும்? "எனக்கு 2.37 கிராம் வருது அத்தை, நோட்டுல 1.18னு இருக்கு" என்று கீழே ஒரு வரி.

ஆம்பியர் என்பது நொடிக்கு இத்தனை கூலூம் என்ற கணக்கு. ஆகவே நிமிடத்தை நொடியாக்கியே தீரவேண்டும். 30 நிமிடம் 1800 நொடி. 2 ஆம்பியரால் பெருக்கினால் 3600 கூலூம். நொடியாக்க மறந்தால் விடை அறுபதில் ஒரு பங்காகிவிடும். இதில் அவள் தவறவில்லை.

இனி, 3600 கூலூம் என்பது எத்தனை எலக்ட்ரான்? அவற்றை மோல் கணக்கில்தான் எண்ணுகிறோம். ஒரு மோல் எலக்ட்ரானின் மின்னூட்டம் ஏறத்தாழ 96500 கூலூம். இதற்கு ஃபாரடே மாறிலி என்று பெயர். மைக்கேல் ஃபாரடே மின்பகுப்பு விதிகளை 1830களிலேயே சொல்லிவிட்டார். எலக்ட்ரான் கண்டறியப்பட்டதோ 1897இல்! சரி, 3600ஐ 96500ஆல் வகுத்தால் 0.0373 மோல் எலக்ட்ரான். இதுவரையும் அவள் சரி.

அப்புறம்தான் சறுக்கல். 0.0373ஐ அப்படியே செம்பின் அணு நிறையான 63.5ஆல் பெருக்கிவிட்டாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். Cu²⁺ என்பதில் மேலே இருந்த 2, வெளிச்சம் பட்டு மங்கிப் போயிருந்தது. வெறும் கூட்டல் குறிதான் தெரிந்தது. ஒரு செம்பு அயனி உலோகமாகப் படிய இரண்டு எலக்ட்ரான் வேண்டும். எனவே 0.0373இல் பாதி, 0.01865 மோல் செம்புதான் படியும். அதை 63.5ஆல் பெருக்கினால் 1.18 கிராம். விடை சரியாக இரண்டு மடங்காக வந்தாலே சந்தேகம் இங்கேதான் விழவேண்டும். படம் மங்கினாலும் பெயர் காட்டிக்கொடுக்கும்: சல்பேட்டுக்கு இரண்டு எதிர்மின்சுமை, அதை ஈடுகட்டச் செம்புக்கும் இரண்டு நேர்மின்சுமை இருந்தாக வேண்டும்.

வெள்ளி நைட்ரேட்டாக இருந்தால் பாதியாக்க வேண்டியதில்லை. வெள்ளி அயனிக்கு ஒரே எலக்ட்ரான் போதும். அதே 3600 கூலூமில் 4.02 கிராம் படியும். இந்தக் கணக்கு அவ்வளவு நம்பகமானது என்பதால், ஒரு காலத்தில் ஆம்பியரையே வெள்ளியால்தான் வரையறுத்தார்கள். நொடிக்கு 1.118 மில்லிகிராம் வெள்ளி படியவைக்கும் மின்னோட்டம் எதுவோ, அதுவே ஒரு ஆம்பியர்.

ஆய்வகத்தில் தகட்டைக் கழுவி, உலர்த்தி, எடை போடும்போது 1.18க்குக் குறைவாக வந்தால் சூத்திரத்தைக் குறை சொல்ல வேண்டாம். மின்னோட்டம் ஓடும்போதே எதிர்மின்வாயில் குமிழி கிளம்பியதா என்று பாருங்கள். கிளம்பியிருந்தால் எலக்ட்ரான்களில் ஒரு பகுதி செம்புக்குப் போகாமல் ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கப் போய்விட்டது.